சைவம், சுகர், அடம்பிடிக்கும் பிள்ளைகள்: எல்லோரையும் ஒரே ஹோட்டலுக்குக் கூட்டிப் போவது எப்படி

வெளியே சாப்பிடப் போகலாம் என்றதும் வீட்டில் எல்லோரும் கேட்பது "எந்த ஹோட்டல்?" என்றுதான். கூட்டத்தில் சைவக்காரர்களும் சுகர் உள்ள ஒரு பெரியவரும் எதை வைத்தாலும் வேண்டாம் என்கிற பிள்ளைகளும் இருந்தால் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் முடிவு செய்ய வேண்டியது, எத்தனை மணிக்குத் தட்டில் சோறு விழ வேண்டும் என்பது. அதைப் பெரியவரின் மருந்துச் சீட்டு சொல்லும்.

புரியும்படி ஒரே உதாரணத்தை வைத்துச் சொல்கிறேன். திருச்சியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு, பதினோரு பேர். அப்பாவுக்கு 74 வயது, காலையும் இரவும் இன்சுலின் போடுகிறவர். அம்மா, நான், என் மனைவி, தங்கை, அவள் கணவர். ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் தங்கையின் மாமனார், மாமியார் இருவரும் சுத்த சைவம். பிள்ளைகள் மூன்று பேர், வயது 4, 7, 10. பத்து வயதுக்காரனுக்குச் சிக்கன் வேண்டும், மற்ற இருவருக்கும் எதுவும் வேண்டாம்.

மணி முதலில்

எல்லாச் சுகர் மருந்தும் ஒரே மாதிரி வேலை செய்யாது. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சாப்பாடு அரை மணி நேரம் தள்ளிப்போனால் பொதுவாகப் பெரிய ஆபத்து இல்லை. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் அப்படி இல்லை, அவற்றைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். அப்பா போடுவது கலவை இன்சுலின். காலை எட்டு மணிக்கு டிபனுக்கு முன்னால் போட்ட அந்த ஊசியில் பாதிக்கு மேல் மெதுவாக வேலை செய்கிற வகை, அது நன்றாகப் பிடிப்பதே மதியத்தை ஒட்டித்தான். மதியம் ஊசி எதுவும் போடவில்லையே, கொஞ்சம் லேட்டானால் என்ன என்று வீட்டில் நினைப்பார்கள், காலையில் போட்டது உள்ளே இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பது யாருக்கும் தோன்றாது. எனவே அவர் வீட்டில் பன்னிரண்டரைக்குச் சாப்பிடுகிறவர் என்றால் ஹோட்டலிலும் பன்னிரண்டரைதான். ஒரு மணிக்குப் போய், இடம் கிடைக்கக் காத்திருந்து, ஆர்டர் கொடுத்து, ஒன்றே முக்காலுக்குச் சாப்பிடுகிற திட்டத்துக்கு அவரைக் கூட்டிப் போகக் கூடாது.

சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரை இருந்தால் வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்பச் சொல்லாதீர்கள். சாப்பாடு கண்ணெதிரே வந்த பிறகு, அல்லது வந்துகொண்டிருக்கிறது என்று உறுதியான பிறகு போடலாமா என்று அவருடைய டாக்டரிடம் ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டால் போதும், எல்லாப் பயணத்துக்கும் அது உதவும். விருந்து சாப்பிடப் போகிறோம் என்று ஒரு மாத்திரை கூடப் போடுவது, ஊசியில் இரண்டு யூனிட் ஏற்றிக்கொள்வது எல்லாம் நம் வேலை இல்லை.

பையில் ஒரு சின்ன குளுக்கோஸ் பொடி பாக்கெட் இருக்கட்டும். வியர்த்துக் கொட்டுவது, கை நடுக்கம், பேச்சு குழறுவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது, இவை தெரிந்தாலோ மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினாலோ மூன்று டீஸ்பூன் அளவு தண்ணீரில் கலந்து கொடுத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பால் சர்க்கரை ஏற நேரமாகும். வீட்டுச் சர்க்கரையும் உதவும்தான், ஆனால் சாப்பாட்டோடு வோக்லிபோஸ் மாத்திரை எடுப்பவர்களுக்கு அது வேகமாக ஏறாது, ஏனென்றால் சர்க்கரை உடைவதைத் தடுப்பதுதான் அந்த மாத்திரையின் வேலையே. குளுக்கோஸ் எல்லோருக்கும் பொருந்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும்.

சைவம் என்றால் எந்தச் சைவம்

அடுத்து சைவக்காரர்களிடம் கேட்க வேண்டும், ஆனால் நேரே கேட்டால் உண்மை வராது. சம்பந்தி வீட்டுக்காரர்களிடம் "உங்களுக்கு எங்கே வசதி?" என்று நான் கேட்டால் "எங்கேயானாலும் சரிங்க, எங்களுக்கு ஒரு தயிர்சாதம் கிடைச்சாப் போதும்" என்றுதான் சொல்வார்கள். அது மரியாதைக்குச் சொல்வது. அப்புறம் நிஜமாகவே தயிர்சாதத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். அதனால் தங்கை வழியாகக் கேட்டேன். பக்கத்து மேசையில் அசைவம் இருந்தால் உட்காருவார்களா, ஒரே சமையலறையில் சமைத்தது ஆகுமா, முட்டை ஆகுமா, வெங்காயம் பூண்டு உண்டா, அன்று விரதம் ஏதாவது வருகிறதா. இந்த ஐந்தும் ஐந்து தனித்தனிக் கேள்விகள், ஒன்றுக்குச் சரி என்றால் மற்றதற்கும் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பதில் வந்தது: பக்கத்தில் யார் எதைச் சாப்பிட்டாலும் பரவாயில்லை, ஆனால் அசைவம் சமைக்கும் இடத்தில் செய்தது வேண்டாம், வெங்காயம் பூண்டு வெளியே போகும்போது ஆகும்.

நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். புரட்டாசியில், அதிலும் சனிக்கிழமைகளில், வழக்கமாக அசைவம் சாப்பிடுகிறவர்களும் சைவ ஹோட்டலுக்கு வந்துவிடுவார்கள், நிற்க இடம் இருக்காது. அமாவாசை, கிருத்திகை, சஷ்டியிலும் நம் கூட்டத்திலேயே ஒருவர் திடீரென்று "இன்னிக்கு நான் அசைவம் தொடமாட்டேன்" என்பார். முகூர்த்த நாளாக இருந்து பக்கத்தில் கல்யாண மண்டபமும் இருந்தால் வண்டி நிறுத்த இடம் தேடியே நேரம் போய்விடும்.

ஒரே சமையலறை ஆகும் என்று சொல்கிற சைவக்காரர்கள் என்றால் சைவமும் அசைவமும் உள்ள ஹோட்டலுக்குப் போகலாம். அங்கேயும் மெனுவில் பச்சைப் புள்ளி இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். கோபி 65-ஐப் பொரிக்கிற எண்ணெயில்தான் சிக்கன் 65-ம் பொரிந்திருக்கும். பரோட்டாவுக்குக் கொடுக்கிற சைவ சால்னா பல கடைகளில் அசைவ சால்னாவிலிருந்து கறியை ஒதுக்கிவிட்டு ஊற்றியதாக இருக்கும். பரோட்டா மாவில் முட்டை இருக்கலாம், சில இடங்களில் நான் ரொட்டி மாவிலும் இருக்கலாம். வெஜ் சூப்புக்குச் சிக்கன் எலும்பு வேகவைத்த தண்ணீர் சேர்ப்பதும் உண்டு, சைனீஸ் பக்கம் போனால் ஆய்ஸ்டர் சாஸ், ஃபிஷ் சாஸ் கேட்டே ஆக வேண்டும். இதையெல்லாம் சர்வரிடம் கேட்டால் "வெஜ்தான் சார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். "எண்ணெய்ச் சட்டி தனியா, சால்னா தனியாக் கொதிக்க வைக்கிறீங்களா?" என்று பொருளைச் சொல்லிக் கேட்டால்தான் அவர் உள்ளே போய்க் கேட்டு வருவார். போய்க் கேட்டு வருகிறாரா, நின்ற இடத்திலேயே தலையாட்டுகிறாரா என்பதை வைத்தே அந்த இடத்தை நம்பலாமா என்று தெரிந்துவிடும்.

பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று

பிள்ளைகள் விஷயத்தில் மெனு பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைப்பது தப்பு. அடம்பிடிக்கிற பிள்ளை இருபது ஐட்டத்தில் ஒன்றைத் தேடி எடுத்துச் சாப்பிடாது. ஏற்கெனவே எங்கே போனாலும் மறுக்காமல் சாப்பிடுகிற ஒரு பொருள் ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்கும், அது அந்த நேரத்தில் அங்கே கிடைக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. நாலு வயதுக்காரிக்கு அது அப்பளமும் தயிர்சாதமும், தயிர்சாதத்தில் கடுகு, மிளகாய், கருவேப்பிலை எதுவும் கண்ணில் படக் கூடாது. ஏழு வயதுக்காரனுக்கு முறுகலான ரோஸ்ட், சட்னி தட்டில் ஒட்டியிருந்தால் தொடமாட்டான். பெரியவன் நூடுல்ஸ் கிடைத்தால் சிக்கனை விட்டுக்கொடுப்பான்.

வேர்க்கடலையோ முந்திரியோ ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருந்தால் அது அடம் கணக்கில் வராது, தனியாகச் சொல்லிவிட வேண்டும். குருமாவிலும் பனீர் கிரேவிகளிலும் முந்திரி அரைத்து ஊற்றுவது சாதாரணம், சட்னியில் கடலை சேர்க்கிற கடைகளும் நிறைய.

மூன்று இடங்கள், ஒரு போன்

இவ்வளவும் கையில் வந்த பிறகுதான் ஹோட்டல். தில்லை நகர் பக்கம் பிரியாணி, சைனீஸ், தந்தூரி எல்லாம் உள்ள ஒரு பெரிய ஏசி ஹோட்டல், கன்டோன்மென்ட் பக்கம் ஒரு நட்சத்திர ஹோட்டலின் பஃபே, சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு சைவ ஹோட்டல், இந்த மூன்றும் பேச்சில் வந்தன.

முதலாவது சம்பந்தியின் ஒரே பதிலில் போய்விட்டது, சமையலறை ஒன்றுதான். பஃபேயில் சுகர்காரருக்கு ஒரு நல்லது உண்டு, காய்கறியையும் பருப்பையும் தன் விருப்பத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தட்டைத் தூக்கிக்கொண்டு நாலு முறை நடக்க வேண்டும், இனிப்புகளை வரிசையாகக் கண் முன்னால் அடுக்கியிருப்பார்கள், கொடுத்த காசுக்குச் சாப்பிட வேண்டும் என்று மனம் சொல்லும். ஒரு கரண்டி தயிர்சாதம் சாப்பிடுகிற நாலு வயதுப் பிள்ளைக்கும் அரை டிக்கெட் மாதிரி பணம் வாங்குவார்கள். சுகர் உள்ள பெரியவர் வருகிறார் என்றால் நான் பஃபேயைத் தேர்ந்தெடுக்கமாட்டேன். தவிர இங்கேயும் சமையலறை ஒன்றுதான்.

மிச்சம் சைவ ஹோட்டல். அசைவம் சாப்பிடுகிறவர்கள் ஒரு வேளை சைவம் சாப்பிடுவதில் எந்தக் கஷ்டமும் இல்லை, மற்றவர்களுக்கு அந்த வசதி கிடையாது. பெரியவனுக்குச் சாயங்காலம் சிக்கன் பார்சல் என்று முதல் நாளே பேசி முடித்துவிட்டோம். அங்கே போய்ச் சொல்லியிருந்தால் சண்டை நடந்திருக்கும்.

ஆனால் சைவ ஹோட்டலிலும் ஒரு சிக்கல் உண்டு, புதிதாக ஏற்பாடு செய்கிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்வார்கள். பல சைவ ஹோட்டல்களில் மதியம் மீல்ஸ் நேரத்தில் தோசைக்கல்லே போடமாட்டார்கள். பதினொன்றரை, பன்னிரண்டிலிருந்து மூன்று, மூன்றரை வரை சாப்பாடு, டிபன் அதற்கு அப்புறம்தான். சில இடங்களில் கீழே ஹாலில் மீல்ஸ் மட்டும், மேலே ஏசியில் ரோஸ்ட், சப்பாத்தி, நூடுல்ஸ் எல்லாம் கிடைக்கும். இந்த விவரம் இணையத்தில் உள்ள மெனு படத்தில் இருக்காது. அதனால் போன் பண்ணினேன், அதுவும் சனிக்கிழமை மதியம் மூன்றரைக்கு, கூட்டம் அடங்கி மேனேஜர் பேச நேரம் இருக்கிற சமயத்தில்.

"நாளைக்கு மதியம் பதினோரு பேர் வர்றோம் சார், எல்லாம் கிடைக்கும்ல?" என்று கேட்டால் "எல்லாம் இருக்கு, வாங்க சார்" என்றுதான் பதில் வரும். நான் கேட்டது இப்படி:

"பன்னிரண்டு மணிக்கு ரோஸ்ட் போட்டுக் கொடுப்பீங்களா, இல்ல மீல்ஸ் மட்டுந்தானா?"

"மேல ஏசில போடுவோம் சார். கீழ மீல்ஸ் மட்டுந்தான்."

"ஏசிக்கு லிஃப்ட் இருக்கா? அப்பாவுக்கு வயசாச்சு."

"லிஃப்ட் இல்ல சார், பதினாலு படி இருக்கும். கைப்பிடி இருக்கு."

"ஏசில மீல்ஸ் தருவீங்களா? பூரிக்குப் பதிலா சப்பாத்தி வைக்க முடியுமா?"

"தருவோம். சப்பாத்தி சொன்னா வச்சிடலாம்."

"டேபிள் சொல்லி வைக்கலாமா?"

"ஞாயித்துக்கிழமை புக்கிங் இல்ல சார். பன்னெண்டுக்கு முன்னாடி வந்துட்டா ஃப்ரீயா இருக்கும்."

மேலே கழிப்பறை இருக்கிறதா, வெஸ்டர்ன் வகையா என்பதையும் கேட்டுக்கொண்டேன். சுகர் உள்ளவர்கள் அடிக்கடி போக வேண்டியிருக்கும், சாப்பாட்டுக்கு நடுவில் படியிறங்க வைக்கக் கூடாது. அப்பாவுக்குப் படி ஏறுவது கஷ்டமில்லை, முழங்கால் வலி உள்ளவராக இருந்திருந்தால் எவ்வளவு நல்ல ஹோட்டலாக இருந்தாலும் விட்டுவிட்டுக் கீழ்த்தளத்தில் ஏசி உள்ள இடமாகத்தான் பார்த்திருப்பேன்.

புக்கிங் இல்லை என்று சொல்லும் இடத்துக்கு இரண்டு பேர் முன்னால் போய்விட வேண்டும். நானும் மாப்பிள்ளையும் பதினொன்றே முக்காலுக்குப் போய் இரண்டு நாலு பேர் மேசையையும் பக்கத்தில் இன்னொன்றையும் பிடித்துக்கொண்டோம். மற்றவர்கள் பன்னிரண்டு ஐந்துக்கு வந்தார்கள். ஞாயிறு ஒரு மணியிலிருந்து இரண்டரை வரைதான் நெரிசல், பன்னிரண்டுக்குப் போனால் எல்லாம் சூடாகவும் இருக்கும், சர்வரும் நிதானமாகக் காது கொடுப்பார்.

மேசையில் என்ன சொல்வது

உட்கார்ந்ததும் எல்லோரும் மெனுவைப் புரட்டிக்கொண்டிருக்க விடாதீர்கள். பெரியவருக்கும் பிள்ளைகளுக்கும் என்ன என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், அதை முதல் நிமிடத்தில் சொல்லிவிட்டு "இது முதல்ல வந்துடட்டும் தம்பி, மத்தவங்களுக்கு அப்புறம் சொல்றோம்" என்று பிரித்துவிடுங்கள். ஒரே ஆர்டராகக் கொடுத்தால் நூடுல்ஸ் ஆகும்வரை தயிர்சாதமும் உள்ளேயே காத்திருக்கும். ரோஸ்ட்டுக்குச் சட்னி, சாம்பார் தனிக் கிண்ணத்தில், தயிர்சாதம் தாளிக்காமல், அதாவது வெறும் சாதமும் ஒரு கப் தயிரும் வாங்கி நாமே பிசைந்துகொள்வது. நூடுல்ஸுக்குக் காரம் குறைவு, முக்கியமாக மேலே மிளகுத்தூள் வேண்டாம்.

அப்பாவுக்கு மீல்ஸ். சுகர்காரருக்கு மீல்ஸா என்று கேட்பார்கள், ஆனால் சைவ ஹோட்டலில் காய்கறி அதிகம் வருவது மீல்ஸில்தான், அதுவும் கேட்டால் மறுபடி வைப்பார்கள். எந்த வரிசையில் சாப்பிடுகிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் பொரியல், கூட்டு, முடிந்தால் ஒரு வெள்ளரி சாலட். பிறகு ஒரு சப்பாத்தியைப் பருப்போடு. கடைசியாக ஒரு சின்னக் கிண்ணம் அளவு சாதம், சாம்பாருக்குப் பாதி, ரசத்துக்குப் பாதி, முடிவில் மோர். நாரும் பருப்பும் முன்னால் உள்ளே போய்விட்டால் அதே சாதம் சர்க்கரையை அவ்வளவு வேகமாக ஏற்றாது. காய் முழுக்க உருளைக்கிழங்கு வறுவலாக இருந்தால் அதைக் காய்க் கணக்கில் சேர்க்காமல் வேறு பொரியல் இருக்கிறதா என்று கேளுங்கள். இலையில் முதலில் வந்து விழும் இனிப்பைப் பக்கத்துப் பிள்ளைக்குத் தள்ளிவிடச் சொல்லி வையுங்கள், சாதம் பரிமாறுகிறவர் இரண்டாவது முறை வரும்போது இலைமேல் கையை நீட்டித் தடுக்கப் பக்கத்தில் அம்மாவை உட்கார வைப்பது எங்கள் வழக்கம்.

ராகி தோசை என்றால் சுகருக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். ராகியில் நார் உண்டுதான், ஆனால் நைசாக அரைத்த மாவில் வார்த்தது சீக்கிரமாகவே ஜீரணமாகிச் சர்க்கரையை ஏற்றும், இரண்டு ராகி தோசையை இரண்டு சாதா தோசை மாதிரியே கணக்கில் வையுங்கள். அதைவிட அடை, பெசரட்டு மாதிரி பருப்பு சேர்ந்தவை தேவலை. கோபி மஞ்சூரியனின் மேல்மாவு மைதாவும் கார்ன்ஃப்ளாரும், சாஸிலும் சர்க்கரை இருக்கும். உடுப்பி பாணி சாம்பாரில் வெல்லம் சேர்ப்பார்கள், ஒரு வாய் வைத்ததும் நாக்குக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் ரசத்துக்கு மாறிவிடலாம். ஃபிரஷ் ஜூஸ் என்று போட்டிருப்பதிலும் பெரும்பாலும் சர்க்கரை போட்டுத்தான் அடிப்பார்கள். சிறுநீரகத் தொந்தரவும் சேர்ந்தவருக்கு அப்பளம், ஊறுகாய் வேண்டாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காபி சொல்லும்போது "ஒரு வித்தவுட்" என்று தனியாகச் சொல்லுங்கள், "சர்க்கரை கம்மி" என்றால் கம்மியாகப் போட்டுக் கொண்டு வருவார்கள். டம்ளர் வந்ததும் எது வித்தவுட் என்று கேட்டு அப்பா முன்னால் வையுங்கள், நாலு டம்ளரில் எது எது என்று பார்த்தால் தெரியாது.

சாப்பிட ஆரம்பித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், முடித்த நேரத்தை அல்ல. முதல் வாய் எடுத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து வீட்டில் ஒருமுறை மீட்டரில் பார்த்து, அந்த எண்ணோடு ஹோட்டல் பெயரையும் என்ன சாப்பிட்டார் என்பதையும் போனில் எழுதி வையுங்கள். வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற எண்ணோடு ஒப்பிட்டால் அந்த ஹோட்டலின் கூட்டிலும் சாம்பாரிலும் கண்ணுக்குத் தெரியாத சர்க்கரை இருக்கிறதா என்று ஓரளவு புரியும், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போதும் காட்டலாம்.